கார்டு மாறினாலும் சந்தா ஏன் நிற்பதில்லை?

போன வருடம் என் அக்கா தேக்கா சந்தையில் பர்ஸைத் தொலைத்தார். வீட்டுக்கு வந்ததும் வங்கிக்கு அழைத்துக் கார்டை முடக்கினார். நாலைந்து நாளில் புது எண்ணோடு புதுக் கார்டு தபாலில் வந்தது. அந்தக் கார்டு எண்ணை அவர் எந்த இணையத்தளத்திலும் கொடுக்கவில்லை. ஆனாலும் ஐந்து வாரம் கழித்து வந்த கணக்கு அறிக்கையில், மகளுக்காக எப்போதோ எடுத்து மறந்துபோன ஓர் ஆங்கிலப் பயிற்சிச் செயலியின் வருடக் கட்டணம் புதுக் கார்டிலிருந்தே போயிருந்தது.

"கார்டையே மாத்திட்டேனேடா தம்பி, அவனுக்கு இந்த நம்பர் எப்படிப் போச்சு?" என்று கேட்டார். யாரோ கார்டைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். திருட்டு எதுவும் நடக்கவில்லை. அந்த எண்ணைச் செயலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு அமைப்பேதான். அக்காவின் கேள்விக்கு முழு பதில் தெரிந்தால், வேண்டாத சந்தாவைத் தடுக்க, ஒரே தடவை செல்லும் ஒற்றைப் பயன்பாட்டு எண்ணும் செயலிக்குள் மட்டும் இருக்கும் மெய்நிகர் கார்டும் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதும் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சந்தாவில் சேரும்போது கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகியவற்றைக் கொடுக்கிறோம். பிறகு வங்கியின் செயலி திறந்து 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று கேட்கும், அல்லது குறுஞ்செய்தியில் ஓடிபி வரும். இந்தச் சோதனை முதல் தடவைக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு வரும் கட்டணங்களெல்லாம் வேறு வகை. அவற்றைத் தொடங்குவது வியாபாரி. 'இவர் ஏற்கெனவே சம்மதம் தந்தவர், இது அந்தச் சம்மதத்தின் தொடர்ச்சி' என்ற குறிப்போடு வங்கிக்குக் கோரிக்கை போகும், ஓடிபி கேட்காமலே பணம் நகர்ந்துவிடும். அடுத்த வருடம் நள்ளிரவில் நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது போகிற கட்டணம் இந்த வகைதான்.

இலவச முயற்சிக் காலத்தில் இது இன்னும் எளிதாகக் கண்ணில் படாமல் போகும். சேரும் நாளில் வங்கிச் செயலியில் வரும் ஒப்புதல் திரையில் தொகை 0.00 என்றுகூட இருக்கும். 'ஒன்றும் போகவில்லையே, வெறும் சரிபார்ப்புதானே' என்று விரலை வைத்துவிடுகிறோம். அந்தப் பூஜ்யத் தொகைக்கான ஒப்புதலே, இந்தக் கார்டை வைத்துக்கொண்டு பிறகு கட்டணம் எடுத்துக்கொள்ளலாம் என்ற சம்மதமாகப் பதிவாகிவிடுகிறது.

சரி, கார்டு மாறினால்? சந்தா வியாபாரிகளுக்கு இது பழைய தலைவலி. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் கார்டுகள் மாதந்தோறும் காலாவதியாகும், தொலையும், மாறும். ஒவ்வொரு முறையும் கட்டணம் தடைபட்டால் வியாபாரம் நடக்காது. அதற்காகவே விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் ஒரு புதுப்பிப்புச் சேவை இருக்கிறது. வங்கி புதுக் கார்டு கொடுத்ததும் 'இந்தப் பழைய எண்ணுக்குப் பதில் இந்தப் புது எண்' என்று அந்தச் சேவையிடம் சொல்லிவிடும். வியாபாரியின் கட்டண நிறுவனம் கேட்கும்போது புது விவரம் அவர்கள் பக்கம் போய்ச் சேரும். இன்னொரு வழியும் உண்டு. பல வியாபாரிகள் இப்போது நம் உண்மையான எண்ணை வைத்துக்கொள்வதே இல்லை. அதற்குப் பதிலாக டோக்கன் எனப்படும் ஒரு மாற்று எண்ணைக் கார்டு அமைப்பு தருகிறது. அந்த டோக்கன் கட்டப்பட்டிருப்பது நம் கணக்கோடு. கார்டின் எண் மாறினாலும் டோக்கன் மாறாமல் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இது கெட்ட ஏற்பாடு இல்லை. கார்டு மாறிய மாதம் காப்புறுதிச் சந்தா தடைபடாமல் போவதற்கும் இதுவே காரணம். ஆனால் நமக்கு வேண்டிய சந்தா எது, வேண்டாதது எது என்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. பழைய கார்டை வெட்டிப் போட்டால் சந்தா தானாகச் செத்துவிடும் என்று நம் ஆட்களில் பலர் இன்னும் நம்புகிறார்கள். அக்காவும் நம்பினார். கார்டு 'மாற்றப்படும்'போது பழைய எண்ணுக்கு ஒரு வாரிசு பிறக்கிறது, அந்த வாரிசைத் தேடிக் கட்டணம் வந்துவிடுகிறது.

மெய்நிகர் கார்டின் பலம் இந்த இடத்தில்தான். கையில் பிளாஸ்டிக் இல்லாமல் செயலிக்குள் மட்டும் இருக்கும் கார்டு அது. அதற்கும் 16 இலக்க எண், காலாவதித் தேதி, மூன்று இலக்கப் பாதுகாப்பு எண் எல்லாம் உண்டு. வியாபாரியின் தளத்துக்கு அது சாதாரணக் கார்டு மாதிரிதான் தெரியும். சிங்கப்பூரில் ரெவலூட், வைஸ் போன்ற செயலிகளில் இதைச் சில நொடிகளில் உருவாக்கலாம். ஒரே கணக்கின் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை அழித்தால் மற்றவை பாதிக்காது. அழித்த எண்ணுக்குப் பதில் எண் என்று எதுவும் பிறப்பதில்லை. அதனால் புதுப்பிப்புச் சேவை வியாபாரிக்குக் கொடுக்கப் புது எண் எதுவும் இருக்காது. வியாபாரி எத்தனை தடவை கேட்டாலும் அந்த எண் இல்லை என்ற பதில்தான் வரும்.

இதனால் ஒரு சிறிய வேறுபாட்டில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். செயலியில் கார்டைத் தட்டினால் பெரும்பாலும் மூன்று வாய்ப்புகள் தெரியும்: தற்காலிகமாக முடக்குவது, விவரத்தை மாற்றுவது, அழிப்பது. சந்தாவை நிறுத்த நினைப்பவருக்கு வேண்டியது கடைசி. மாற்றுவது என்றால் மறுபடியும் வாரிசு பிறக்க வழி இருக்கிறது. முடக்குவதும் நம்பத்தக்கது இல்லை. சில வங்கிகளில் கார்டைத் தற்காலிகமாக முடக்கினால் புதிதாகச் செய்யும் கொள்முதல் மட்டுமே நிற்கும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொடர் கட்டணங்கள் வழக்கம்போலப் போகும். அந்த வங்கியின் விதியிலேயே அப்படி எழுதியிருக்கும். முடக்கினால் எது நிற்கும், எது நிற்காது என்பதை உங்கள் வங்கியின் உதவிப் பக்கத்தில் ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஒற்றைப் பயன்பாட்டு எண். ரெவலூட்டில் இப்படி ஒரு கார்டு உண்டு. ஒரு கட்டணம் முடிந்ததும் அதன் விவரங்கள் தானாக மாறிவிடும். முன்பு கொடுத்த எண்ணை யார் வைத்திருந்தாலும் அது செல்லாது. வேண்டாத புதுப்பிப்பைத் தடுக்க இதைவிட நல்லது எது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பயன்படுத்திப் பார்த்த பிறகு கருத்து மாறியது.

இலவச முயற்சியில் சேரும்போது வியாபாரி முதலில் ஒரு சரிபார்ப்புக் கோரிக்கை அனுப்புவார். தொகை பூஜ்யமாக இருக்கும், அல்லது ஒரு வெள்ளி எடுத்துச் சில நாளில் விட்டுவிடுவார்கள். ஒற்றைப் பயன்பாட்டு எண்ணுக்கு அந்த ஒரு வெள்ளியே 'முதல் கட்டணம்' ஆகிவிடலாம். அத்தோடு எண் செத்துவிடும். சில தளங்கள் சரிபார்ப்பு முடிந்த சில நொடிகளில் அதே எண்ணை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கும். அப்போது மறுப்பு வந்தால் 'உங்கள் கார்டு ஏற்கப்படவில்லை' என்று சேரும் இடத்திலேயே கதவு சாத்தப்படும். நாம் மறுபடி முயல்வோம், புது எண் போகும், அதுவும் செத்துப்போகும். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு அந்தத் தளத்தின் மோசடித் தடுப்பு நம் கணக்கையே சந்தேகப் பட்டியலில் போட்டுவிடும்.

ஆகவே ஒற்றைப் பயன்பாட்டு எண்ணை ஒரு தடவை மட்டும் பணம் கொடுத்து வாங்கும் இடத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஒரு பிடிஎஃப் கோப்பைத் திருத்தித் தரும் தளம், கடவுச்சீட்டுப் படம் வெட்டித் தரும் தளம், ஒருவருட வைரஸ் தடுப்பு மென்பொருள். இவை போன்ற இடங்களில் 1.50 வெள்ளிக்கோ 30 வெள்ளிக்கோ ஒரு பொருள் வாங்குவோம். பணம் கட்டும் பக்கத்தின் அடியில், சாம்பல் நிற எழுத்தில், அது சந்தாவாகத் தொடரும் என்று எழுதியிருக்கும். அங்கே முழுக் கட்டணம் ஒரே தடவையில் போய்விடும், பொருள் கைக்கு வந்துவிடும், எண்ணும் தன் வேலையை முடித்துக்கொள்ளும். பிறகு வரும் கோரிக்கைக்கு அங்கே எண்ணே இல்லை.

இலவச முயற்சிக்கு அதைவிடப் பொருத்தமானது, அந்த ஒரு வியாபாரிக்கென்றே திறந்த சாதாரண மெய்நிகர் கார்டு. அதில் ஒரு சிறிய செலவு வரம்பு வைத்துவிட வேண்டும். அக்கா இந்த வருடம் அப்படித்தான் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொரு படியும் நினைவிருக்கிறது.

மகள் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு. துணைப்பாட ஆசிரியர் ஒரு கணிதப் பயிற்சிச் செயலியைப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஏழு நாள் இலவசம், அதன் பிறகு வருடத்துக்கு 120 வெள்ளி, மாதச் சந்தா என்றால் 15 வெள்ளி. அக்கா ஞாயிற்றுக்கிழமை மதியம் யீஷூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் புது மெய்நிகர் கார்டு ஒன்றைத் திறந்தார். அதற்குப் பெயர் வைக்க இடம் இருந்தது, 'கணக்கு ஆப்' என்று தமிழிலேயே வைத்தார். பிறகு வரம்பு. எவ்வளவு வைப்பது என்று கேட்டார்.

இந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். சரிபார்ப்புக்கு ஒரு வெள்ளி வரலாம், அது தடைபட்டால் சேரவே முடியாது. அதனால் பூஜ்யம் கூடாது. மேல் எல்லை அந்த வியாபாரி விற்கும் மிக மலிவான திட்டத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வருடக் கட்டணம் 120 தானே என்று 50 வெள்ளி வரம்பு வைத்தால் 15 வெள்ளி மாதக் கட்டணம் உள்ளே வந்துவிடும். இரண்டு வெள்ளி போதும் என்றேன். அக்கா 2 என்று தட்டினார்.

சேரும் பக்கத்தில் எண்ணை ஒட்டினார். வங்கிச் செயலி ஒப்புதல் கேட்டது, தொகை 0.00. ஒப்புக்கொண்டார். உடனே அறிவிப்பு வந்தது, கார்டு சரிபார்க்கப்பட்டது, பணம் எதுவும் போகவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த புதுப்பிப்புத் தேதியையும் தொகையையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அங்கே தொகை 120 என்று இல்லை, 130.80 என்று இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்குள்ளவர்களுக்கு விற்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் பொருள் சேவை வரி உண்டு, 2024 ஜனவரியிலிருந்து அது 9 விழுக்காடு. விளம்பரத்தில் பார்த்த தொகையும் கார்டுக்கு வரும் தொகையும் வேறாக இருப்பதற்கு இது ஒரு காரணம். வேண்டிய சந்தாவுக்கு வரம்பு வைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. 120 வெள்ளிச் சந்தா நடக்க வேண்டும் என்று சரியாக 120 வரம்பு வைத்தால் அது தடைபட்டுவிடும்.

புதன்கிழமைக்குள் மகளுக்குச் செயலி பிடிக்கவில்லை. சந்தாவை ரத்து செய்ய வேண்டும் என்று அக்காவுக்கு எண்ணம் இருந்தது, ஆனால் வேலை, சமையல், பள்ளி என்று நாள் ஓடிவிட்டது. எட்டாம் நாள் காலை 8.10க்கு ரயிலில் போகும்போது கைப்பேசியில் ஒரு வரி வந்தது: Declined, 130.80. காரணம் என்ற இடத்தில் கார்டின் செலவு வரம்பு தாண்டியது என்று இருந்தது. போன வருடம் ஐந்து வாரம் கழித்து அறிக்கையில் பார்த்த விஷயத்தை இந்தத் தடவை அதே நிமிடத்தில் பார்த்தார். பணமும் போகவில்லை.

அத்தோடு முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. வியாபாரிகளின் கட்டண மென்பொருள் ஒரு மறுப்போடு ஓயாது. மறுப்பு வரும்போது வங்கி ஒரு காரணக் குறியீட்டையும் சேர்த்து அனுப்புகிறது. பணம் போதவில்லை, வரம்பு தாண்டியது என்ற வகைக் காரணம் என்றால், 'இன்னொரு நாள் முயன்றால் கிடைக்கலாம்' என்று அந்த மென்பொருள் புரிந்துகொள்ளும். விசாவின் விதிப்படி இப்படிப்பட்ட மறுப்புக்குப் பிறகு 30 நாளில் 15 தடவை வரை மறுபடி முயலலாம். சம்பளம் வரும் நாட்களை ஒட்டி முயல்வதற்கென்றே சில மென்பொருள்களில் ஏற்பாடு உண்டு. அந்தக் கார்டின் கணக்கே மூடப்பட்டுவிட்டது என்ற குறியீடு போனால் நிலைமை வேறு. அந்த வகை மறுப்புக்குப் பிறகு அதே எண்ணை மறுபடி முயலவே கூடாது என்பது விதி. கார்டை வரம்போடு விட்டுவைத்தால் கோரிக்கை மறுபடி மறுபடி வரும். அழித்துவிட்டால் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அக்காவுக்கு முதல் மறுப்பு வந்த மூன்றாம் நாள் இன்னொரு மறுப்பு வந்தது. கூடவே 'உங்கள் கட்டணத்தில் சிக்கல், கார்டை உடனே புதுப்பியுங்கள்' என்று மின்னஞ்சல். இந்த மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பைத் தட்டாதீர்கள். இதே வாசகத்தோடு மோசடிக்காரர்களும் அனுப்புகிறார்கள், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். அக்கா செயலியை நேராகத் திறந்து, கணக்கு அமைப்புக்குள் போய்ச் சந்தாவை முறைப்படி ரத்து செய்தார். ரத்தான பக்கத்தைப் படம் பிடித்தார். அதன் பிறகுதான் 'கணக்கு ஆப்' கார்டை அழித்தார்.

ரத்து முதலில், அழிப்பது பிறகு என்ற இந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கார்டு எண் பணத்தைத்தான் நிறுத்துகிறது, ஒப்பந்தத்தை நிறுத்துவதில்லை. மாதாமாதம் போகும் இசை, காணொளி, செயலிச் சந்தாக்களில் பெரும்பாலும் இது பெரிய விஷயமில்லை. பணம் வராவிட்டால் சேவையை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டு மாதம் என்று கையெழுத்துப் போட்ட உடற்பயிற்சிக் கூடமோ, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கைப்பேசியோடு எடுத்த தொலைபேசி இணைப்போ அப்படி இல்லை. கார்டு மறுத்தாலும் மாதக் கட்டணம் கடனாக ஏறிக்கொண்டிருக்கும். தாமதக் கட்டணம் சேரும், கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வரும். புளோக்குக்குக் கீழே இருந்த ஒரு கூடத்தில் சேர்ந்த என் நண்பர் கார்டை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தார். ஐந்து மாதத் தொகையைச் சேர்த்துக் கேட்டு கடிதம் வந்தபோதுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். எழுத்து மூலம் முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அவர் கட்ட வேண்டியதாயிற்று.

முறையாக ரத்து செய்த பிறகும் பணம் எடுக்கிறார்கள் என்றால் அது வேறு வழக்கு. சாதாரணக் கார்டிலிருந்து அப்படிப் போயிருந்தால் வங்கியிடம் மறுப்புக் கோரிக்கை கொடுக்கலாம். ரத்து செய்த தொடர் கட்டணம் என்பதற்கென்றே கார்டு அமைப்புகளில் தனி வகை இருக்கிறது, விசாவில் அதன் எண் 13.2. ரத்து செய்த தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள். அந்தப் படம் அப்போதுதான் கைகொடுக்கும். ஆனால் ரத்து செய்ய மறந்துபோனது இந்த வகையில் வராது. நாணய ஆணையத்தின் மின்கட்டணப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களும் முக்கியமாகப் பேசுவது கணக்குக்காரர் சம்மதிக்காத பரிவர்த்தனைகளைப் பற்றி. 0.00 திரையில் விரல் வைத்துச் சம்மதித்தவர் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது கடினம். சேரும் பக்கமே ஏமாற்றும்படி இருந்தால், முன்கூட்டியே குறியிட்ட பெட்டி, 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் மறைத்த நிபந்தனை என்று இருந்தால், 2020 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டுதல்கள் அதைக் கையாள்கின்றன. பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். ஆனால் அதெல்லாம் பணம் போன பிறகு நடக்கும் வேலை, வாரக்கணக்கில் இழுக்கும். மெய்நிகர் கார்டின் பக்கம் என்னை இழுத்தது இதுவே. அதில் வாதமெல்லாம் பணம் நம்மிடம் இருக்கும்போதே நடக்கிறது.

இந்த முறை வேலை செய்யாத இடம் ஒன்று முக்கியமானது. ஆப்பிள் அல்லது கூகல் கடை வழியாக எடுத்த சந்தா. அங்கே நம் கார்டைத் தொடுவது அந்தச் செயலி நிறுவனம் இல்லை, கடைதான். பெரும்பாலும் எல்லாச் சந்தாவும் ஒரே கார்டின் மேல் ஓடும். ஒன்றைத் தடுக்கக் கார்டை அழித்தால் மற்றவையும் தடுமாறும். ஆப்பிளில் பாக்கி நின்றுவிட்டால் அதைக் கட்டும் வரை வேறு எதுவும் வாங்க விடாது. அங்கே கார்டு வித்தை வேண்டியதே இல்லை. அமைப்புக்குள் சந்தாப் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கிறது. முயற்சியில் சேர்ந்த அன்றே ரத்து செய்தாலும் பெரும்பாலான செயலிகள் முயற்சிக் காலம் முடியும் வரை வேலை செய்யும்.

வேறு சில வியாபாரிகள் மெய்நிகர் கார்டையே வாங்க மறுப்பார்கள். கார்டு எண்ணின் முதல் எட்டு இலக்கத்தைப் பார்த்தாலே அது எந்த நிறுவனம் கொடுத்தது, கடன்பற்று அட்டையா, முன்கூட்டிப் பணம் நிரப்பும் அட்டையா என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். முன்கூட்டி நிரப்பும் வகையை இலவச முயற்சிக்கு ஏற்காத தளங்கள் உண்டு. அப்படி மறுத்தால் என் வழக்கம், அந்த முயற்சியை விட்டுவிடுவது. புதுப் புது எண் கொடுத்து ஒரே இலவச முயற்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அது அவர்களின் விதிக்கு மாறானது, கணக்கை மூடிவிடுவார்கள்.

ஹோட்டல், வாடகைக் கார் ஆகியவற்றுக்கும் அழியும் எண் சரிப்படாது. முன்பதிவு செய்த அதே கார்டை நேரில் கேட்பார்கள், வைப்புத் தொகையும் அதில்தான் பிடிப்பார்கள். பணம் திரும்பி வருவதும் இதைப் போலத்தான். அழித்த மெய்நிகர் எண்ணுக்கு அனுப்பிய பணம் பொதுவாக அதன் பின்னால் இருக்கும் கணக்குக்கு வந்து சேரும், ஆனால் தேடச் சொல்லிக் கேட்க வேண்டி வரலாம். கார்டை அழிக்கும் முன் அதன் கடைசி நான்கு இலக்கத்தைக் குறித்து வைப்பது நல்லது. வாடிக்கையாளர் சேவையில் முதலில் கேட்பது அதைத்தான்.

வரம்பு, அழிப்பது இரண்டையும் மீறிப் பணம் போகும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் உண்டு. வங்கியிடம் அந்த நொடியில் அனுமதி கேட்காமல், பிறகு கணக்கு முடிக்கும்போது தொகையை அனுப்பும் வியாபாரிகள் இருக்கிறார்கள். விமானத்துக்குள் விற்பனை ஓர் எடுத்துக்காட்டு. இணையச் சந்தாக்களில் இது அரிது. கணக்கில் பணம் குறைந்தால் வங்கியிலிருந்து தானாக நிரப்பும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். அது இருந்தால், இருப்பு இல்லாததால் நிற்க வேண்டிய கட்டணமும் போய்விடும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய சந்தாக்களை என்ன செய்வது என்று அக்கா அடுத்துக் கேட்டார். கடைசிப் பன்னிரண்டு மாத அறிக்கையை எடுத்தோம். வருடச் சந்தா ஒரே ஒரு மாதத்தில்தான் தெரியும் என்பதால் மூன்று மாதம் பார்த்தால் போதாது. ஒன்பது சந்தா இருந்தது. காப்புறுதி, தொலைபேசி, குடும்பப் படங்கள் சேமிக்கும் இடம் மூன்றும் தடைபடவே கூடாதவை. அவற்றைப் பழைய வங்கிக் கார்டிலேயே விட்டோம். அவற்றுக்கு அந்தப் புதுப்பிப்புச் சேவை நல்லதே செய்கிறது. நான்கை அந்தந்த தளத்துக்கே போய் ரத்து செய்தார். மிச்சம் இரண்டு, ஒரு தமிழ்த் திரைப்படச் சேவையும் மகளின் ஓவியச் செயலியும். இரண்டுக்கும் ஆளுக்கொரு மெய்நிகர் கார்டு திறந்து, வரிக்கும் சேர்த்துக் கட்டணத்தைவிட ஒரு வெள்ளி கூடுதலாக வரம்பு வைத்தார். தளத்தில் புது எண்ணைச் சேர்த்ததோடு நிற்காமல், அங்கே மாற்று வழியாகச் சேமித்திருந்த பழைய கார்டை நீக்கவும் செய்தார். அதை விட்டுவைத்திருந்தால் புதுக் கார்டு மறுக்கும் நாளில் பழையதிலிருந்து எடுத்திருப்பார்கள்.

போன மாதம் அந்தத் திரைப்படச் சேவை விலையை மூன்று வெள்ளி ஏற்றியது. அக்காவுக்கு அது தெரிந்தது ஒரு Declined அறிவிப்பிலிருந்து. இரண்டு நாள் யோசித்துவிட்டு, மாமியார் தினமும் பார்க்கிறார் என்பதால் வரம்பை மூன்று வெள்ளி ஏற்றி வைத்தார்.